அட்டையில் 100 என்று இருக்கிறது, உறுதி பத்துக்குத்தான்

முகூர்த்த மாதம் வந்தாலே எனக்கு வருகிற கேள்விகளில் பாதி மெமரி கார்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

என் கேமராவில் 4கே வீடியோ 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது. கார்டிலும் 100 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் ஏழெட்டு நிமிடத்தில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடுகிறது. கேமரா பழுதா?

கேமரா மேல் தப்பு இல்லை. முதலில் இரண்டு நூறும் வேறு வேறு. கேமரா சொல்வது மெகாபிட், கார்டு சொல்வது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே உங்கள் வீடியோவுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் எழுதினால் போதும். நூறு எழுதும் கார்டுக்கு இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் அந்த நூறு எழுதும் வேகமே இல்லை. கார்டிலிருந்து கணினிக்குப் படிக்கும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் அது.

நீங்கள் பார்க்க வேண்டியது மூலையில் இருக்கும் சின்னக் குறியை. C எழுத்துக்குள் 10, அல்லது U எழுத்துக்குள் 1 என்று இருந்தால், தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 மெகாபைட்டுக்குக் கீழே போகாது என்று பொருள். U3, V30 இரண்டும் 30 மெகாபைட்டுக்கு உறுதி. நீங்கள் அனுப்பிய படத்தில் U1 இருக்கிறது. தேவை 12.5, உறுதி 10. சிக்கல் அங்கேதான்.

அப்படியானால் முதல் ஏழு நிமிடம் எப்படி ஓடியது? பல மலிவு கார்டுகளில் ஒரு மெமரி செல்லுக்கு மூன்று பிட் எழுதும் சிப்தான் இருக்கும். விலை குறைவதற்கு அது ஒரு காரணம், எழுதுவதில் மந்தம் அதன் பலன். இதை மறைக்க, கொஞ்சம் இடத்தை மட்டும் ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிக்கொள்ளும் கார்டுகள் உண்டு. உங்கள் ஏழு நிமிடம் என்பது ஐந்து ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அந்த வேக இடம் நிறைந்ததும் கார்டின் உண்மையான வேகம் வெளியே வருகிறது. கார்டு எழுத முடியாததைக் கேமரா தன் பஃபரில் சேர்த்து வைக்கும். நொடிக்கு இரண்டரை மெகாபைட் மிஞ்சினால், 100 மெகாபைட் பஃபர் 40 நொடியில் நிரம்பிவிடும். அப்புறம் கேமராவுக்கு நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

கார்டுதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறையும் 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் அது கேமராவின் கால வரம்பு. நிற்பதற்கு முன் வெப்ப எச்சரிக்கை வந்தால் சூடு. நேரம் முறையின்றி மாறி மாறி நின்றால் கார்டைச் சந்தேகப்படுங்கள். கேனான் கேமராக்கள் பலவற்றில் கார்டு திணறும்போது திரையின் வலது ஓரத்தில் ஐந்து படி கொண்ட ஒரு பட்டை ஏறிக்கொண்டே வரும். அது உச்சிக்குப் போனால் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

அப்படியானால் விலையைப் பார்க்காமல் V90 வாங்கிவிடலாமா?

வேண்டாம். கேமரா மெனுவில் இருக்கும் மெகாபிட் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். 200 என்றால் 25 மெகாபைட், V30 போதும். 400 என்றால் 50, அதற்கு V60. 600 என்றால் 75, அங்கேதான் V90 வேண்டும். இன்னொன்று, V60, V90 உறுதிகள் யூஎச்எஸ்-2 வழியில் எழுதும்போதுதான் செல்லும். கார்டின் பின்பக்கம் தங்கநிறப் பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும், கேமரா ஸ்லாட்டும் அந்த வகையாக இருக்க வேண்டும். ஒரு வரிசை மட்டும் தொடும் பழைய யூஎச்எஸ்-1 ஸ்லாட்டில் V90 போட்டால் வேலை செய்யும், ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்காது.

V30 கார்டுதான். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது திடீரென்று நிற்கிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன்: இடம் வேண்டும்போது கேமராவிலேயே வேண்டாத கிளிப்புகளை மட்டும் தேடித் தேடி அழிக்கிறீர்களா?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை முழுவதும் எழுந்தால்தான் இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த பந்தி போட முடியும். நடுவில் நாலு பேர் இன்னும் மோருக்குக் காத்திருந்தால், அவர்களை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டுத்தான் துடைக்கலாம். ஃபிளாஷ் மெமரியும் அப்படித்தான். சிறு சிறு பக்கமாக எழுதும், ஆனால் பெரிய தொகுதியாகத்தான் அழிக்கும். அங்கங்கே கிளிப் மிச்சம் இருந்தால், கார்டு அவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, அப்புறம் எழுத வேண்டும். அந்த நேரம் எழுதுவது தடைப்படும். ரெக்கார்டிங்கைக் கொல்வது பெரும்பாலும் சராசரி வேகம் அல்ல, இந்தத் திடீர்த் தடைதான். V30 என்ற உறுதியும் காலியான தொகுதிகளில் வரிசையாக எழுதும்போதுதான் பொருந்தும்.

எனக்கே ஒருமுறை தாலி கட்டும் நேரத்தில் நின்றது. முந்தின நாள் நிச்சயதார்த்தக் கிளிப்புகளைப் பாதி அழித்து, பாதி வைத்திருந்தேன். நல்லவேளை, இரண்டாவது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கேமராவிலேயே ஃபார்மேட் செய்கிறேன். கேனானில் Low level format என்று தேர்வு இருந்தால் மாதம் ஒருமுறை அதையும் செய்யலாம். அதற்குப் பிறகும் நின்றால் அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

பறவைப் படம் எடுக்கிறேன். நொடிக்கு பத்துப் படம் என்கிறார்கள், ஐந்து நொடியில் கேமரா இழுக்க ஆரம்பிக்கிறது.

இங்கே கணக்கு வேறு. ஒரு ரா கோப்பு 30 மெகாபைட் என்று வைத்தால், பத்துப் படம் நொடிக்கு 300 மெகாபைட். யூஎச்எஸ்-1 வழியின் உச்சமே 104தான். ஆகவே பஃபர் நிரம்புவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி. பஃபரில் 40 படம், அதாவது 1200 மெகாபைட் பிடிக்கும் என்போம். கார்டு 80 எழுதினால் நொடிக்கு 220 தேங்கும், ஐந்தரை நொடியில் நிரம்பும். கார்டு 250 எழுதினால் தேங்குவது 50, இருபத்துநாலு நொடி தாங்கும். நிரம்பிய பின் அது காலியாக முதல் கார்டில் 15 நொடி, இரண்டாவதில் ஐந்து நொடிக்குள். மீன்கொத்தி உங்களுக்காக 15 நொடி காத்திருக்காது.

ஆனால் காசு செலவழிக்கும் முன் சோதித்துப் பாருங்கள். மேனுவல் ஃபோகஸ், ஷட்டர் 1/500, இலை நிறைந்த மரத்தை நோக்கி பட்டனை அழுத்திப் பிடித்துச் சத்தத்தைக் கேளுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு சோதிக்காதீர்கள், கறுப்புப் படம் சுருங்கிச் சின்னக் கோப்பாகிவிடும். ஸ்லாட் யூஎச்எஸ்-1 என்றால் புதுக் கார்டு அவ்வளவாக உதவாது. இழப்புள்ள சுருக்கமான ராவுக்கு மாறுவது, அல்லது ஒன்றரை நொடித் துணுக்குகளாக எடுப்பது பலன் தரும்.

512 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. A2 என்றும் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

A2 போனில் செயலிகளை ஓட்டுவதற்கான குறி, வீடியோவுக்கு அதைப் பார்க்க வேண்டாம். அந்த விலைக்கு எனக்குச் சந்தேகம் கொள்ளளவின் மேல்தான். போலிக் கார்டுகள் 512 என்று காட்டும், உள்ளே 32தான் இருக்கும், அதற்கு மேல் எழுதியது காணாமல் போகும். விண்டோஸில் H2testw, லினக்ஸில் F3 கொண்டு காலிக் கார்டை முழுவதும் நிரப்பிப் படித்துப் பாருங்கள். F3 கட்டளைகள் இவை, /media/card என்ற இடத்தில் உங்கள் கார்டின் பாதையைப் போடுங்கள்:

```
f3write /media/card
f3read /media/card
```

முதல் கட்டளை எழுதும் வேகத்தையும் காட்டும். ஓடும்போது அதைக் கவனியுங்கள், சில ஜிபிக்குப் பிறகு வேகம் எங்கே விழுகிறது என்று தெரியும். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.