போன மாதம் காட்டிய படம் அதற்கு ஞாபகம் இருக்குமா?

செங்கல்பட்டுப் பக்கம் உள்ள எங்கள் மனையின் பட்டாவைப் போன மாதம் ஒரு ஏஐ சாட்பாட்டில் போட்டு விளக்கம் கேட்டேன். நேற்று புது சாட்டில் புல எண்ணைக் கேட்டதும் தயங்காமல் ஒன்றைச் சொன்னது. பட்டாவில் இருப்பது வேறு எண். படம் ஞாபகம் இருக்கிறதா, இல்லையா? – வேளச்சேரி வாசகர்

இல்லை. ஒரே சாட்டில் நீங்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம், அதுவரை பேசியதும் போட்ட படமும் சேர்ந்துதான் மாடலுக்குப் போகின்றன. அதனால்தான் ஞாபகம் இருப்பதுபோல் தெரிகிறது. புது சாட்டில் அந்தப் படம் மாடலுக்குப் போகாது.

‘மெமரி’ வசதி இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் எழுத்தாக வைத்திருக்கும் குறிப்பு: ‘இவருக்கு மனை இருக்கிறது, பட்டா பற்றிக் கேட்டார்’ என்கிற அளவில். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எண்ணை அதுவே இட்டுக்கட்டியிருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. படத்தில் உள்ள, ஆனால் பழைய சாட்டில் இருவருமே எழுதாத ஒன்றைப் புது சாட்டில் கேளுங்கள். தீர்வை எவ்வளவு என்று நீங்கள் பேசவே இல்லையென்றால், அதைக் கேட்கலாம். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரியான பதில் வேண்டுமென்றால் பழைய சாட்டையே திறந்து கேளுங்கள், அல்லது படத்தை மறுபடி போடுங்கள். சாட் ரொம்ப நீண்டுவிட்டால் மறுபடி போடுவதுதான் நல்லது.

சாட்டை அழித்துவிட்டால் படமும் போய்விடுமா? – பெரம்பூர் வாசகி

உங்கள் திரையிலிருந்து உடனே போய்விடும், சர்வரிலிருந்து அப்படியில்லை. சாட்ஜிபிடியில் பொதுவாக 30 நாட்களுக்குள் நீக்குவார்கள். சட்டம், பாதுகாப்புக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. அது பேருக்குச் சொன்ன விலக்கு இல்லை: 2025இல் ஒரு பதிப்புரிமை வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதால், சில மாதங்களுக்குப் பலர் அழித்த சாட்களையும் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜெமினியில், நீங்கள் மாற்றாதவரை, 18 மாதம் கழித்துத் தானாக அழியும்; 3 மாதமாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தரம் பார்க்க மனிதர்கள் படித்த சாட்கள், உங்கள் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு 3 ஆண்டுவரை இருக்கலாம். நீங்கள் அழித்தாலும் அவை அழியாது.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். சாட்டை அழித்தாலும் மெமரிக் குறிப்பு தங்கிவிடும். அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

‘Temporary chat’ போட்டால் போதுமா? – மயிலாப்பூர் வாசகர்

பாதி போதும். மெமரியில் சேராது, மாடலைப் பயிற்றுவிக்கவும் போகாது. ஆனாலும் சாட்ஜிபிடியில் 30 நாள்வரை நகல் இருக்கலாம். சாதாரண சாட்டில் பேசுவதென்றால் ‘Settings’ → ‘Data controls’ → ‘Improve the model for everyone’ என்பதை அணைத்துவிடுங்கள். அணைப்பதற்கு முன்பே பயிற்சியில் சேர்ந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆதார் படத்தை ஏற்கெனவே போட்டுவிட்டேன்! – அதே வாசகர்

சரி, சாட்டையும் குறிப்பையும் அழியுங்கள். அடுத்த முறை ஆதார் தளத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ‘Masked Aadhaar’ கிடைக்கும், அதைப் போடுங்கள்.