பழைய வினாத்தாளே இல்லாத தேர்வுக்கு நேரத்தைப் பிரித்த கதை

கேள்வி: முதல் முறையாக நடக்கப் போகிற தேர்வு. சிலபஸில் அலகு வாரியாக எத்தனை மதிப்பெண் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பழைய வினாத்தாள் ஒன்றுகூட இல்லை. எந்த அலகுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்குப் படித்தபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். டிஎன்பிஎஸ்சி அதற்கு முந்தைய டிசம்பரில் சிலபஸை மாற்றி, ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை கேள்வி என்று எண் போட்டு வெளியிட்டது. பழைய தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனால் புதிய பிரிவுகளின்படி அமைந்த தாள் ஒன்றுகூடக் கிடையாது. கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்த எண்கள்தான்.

முதலில் மொத்த நேரம். இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. நாளுக்கு 3 மணி நேரம் படிப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் தொடங்கினேன். அட்டவணை போடுவதற்கு முன் இரண்டு வாரம், உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். 42 மணி நேரம் வந்திருக்க வேண்டும், வந்தது 30. வாரத்துக்கு 15 என்று வைத்துக்கொண்டேன். பிப்ரவரி கடைசியிலிருந்து தேர்வு வரை 20 வாரம், ஆக 300 மணி நேரம். அதில் 60 மணி நேரத்தை ரிவிஷனுக்கும் முழு மாதிரித் தேர்வுகளுக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் மிச்சமிருந்தால் ரிவிஷன் என்று விட்டால், அது மிச்சமே ஆகாது. பிரிப்பதற்கு நின்றது 240 மணி நேரம்.

தேர்வில் 200 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் என்பதால் மதிப்பெண்ணை வைத்து வகுத்தாலும் கேள்வி எண்ணிக்கையை வைத்து வகுத்தாலும் விகிதம் ஒன்றுதான்.

அலகின் நேரம் = (அலகின் கேள்விகள் ÷ மொத்தக் கேள்விகள்) × படிக்கும் நேரம்

240-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 1.2 மணி, அதாவது 72 நிமிடம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல். தமிழ்ப் பகுதியில் இலக்கணம் 25 கேள்வி, 30 மணி. எளிய மொழிபெயர்ப்பு 5 கேள்வி, 6 மணி. பொது அறிவில் ஆட்சியியல் 15 கேள்வி, 18 மணி. பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20 கேள்வி, 24 மணி. பொது அறிவியல் 5 கேள்வி, 6 மணி. திறனறிவு 25 கேள்வி, 30 மணி. எல்லா அலகுக்கும் இப்படிப் போட்டு முடித்ததும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 240 வரவில்லை என்றால் ஏதோ ஒரு அலகு விட்டுப்போயிருக்கும்.

இதன் பயன் எனக்குப் புரிந்தது பொது அறிவியலில்தான். அதற்கு முந்தைய முறை படித்தபோது அறிவியல் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாகத் தொடங்கி, ஒளியும் வெப்பமும் தாண்டுவதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. புத்தகம் பெரியது, அதனால் நேரமும் அதிகம் என்று தானாகவே நடந்துவிட்டது. இந்த முறை நோட்டில் 6 மணி என்று எழுதி, பக்கத்தில் ஐந்து சின்னக் கட்டங்கள் போட்டேன். ஒரு கட்டம் என்றால் 72 நிமிடம். எனக்கு ஒரு பாடத்தைக் கவனமாக ஒருமுறை படிக்க 40 நிமிடம் ஆகும். அப்படியானால் 6 மணியில் ஒன்பது பாடம்தான். உடனே கேள்வி மாறிவிட்டது: புத்தகத்தை எப்படி முடிப்பது என்ற கவலை போய், எந்த ஒன்பது பாடம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. சிலபஸில் பெயர் சொல்லியிருந்த தலைப்புகளோடு ஒட்டிய ஒன்பதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டேன். விட்ட பாடத்திலிருந்து ஒரு கேள்வி வரலாம், அது தெரிந்துதான் விட்டேன். எதை விடலாம் என்று காட்டுவதற்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் உதவியது.

சரி, இதன் குறை என்ன? நேர் விகிதம் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது: எந்த அலகிலும் ஒரு கேள்வியைப் பிடிக்க ஒரே அளவு உழைப்பு போதும் என்று. அது உண்மையில்லை. அதனால் முதல் கணக்கை அப்படியே பின்பற்றாமல், உங்களுக்கு ஏற்றபடி ஒருமுறை திருத்த வேண்டும். எனக்குப் பொருளாதாரம் அந்நியமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் படித்தது வேறு பிரிவு. அதனால் அந்த அலகின் 20 கேள்வியை ஒன்றரை மடங்காக்கி 30 என்று வைத்தேன். இப்போது பொது அறிவு, திறனறிவு இரண்டும் சேர்ந்து 100 இல்லை, 110. ஆனால் அந்தப் பாதிக்கான நேரம் அதே 120 மணிதான். 120-ஐ 110-ஆல் வகுத்தால் 1.09. பொருளாதாரத்துக்கு 24 மணி போய் ஏறத்தாழ 33 ஆனது. ஆட்சியியல் 18-லிருந்து 16-க்குச் சற்று மேல் இறங்கியது, திறனறிவு 30-லிருந்து 27. ஒன்றைக் கூட்டினால் மற்ற எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது. திருத்தாமல் வெறுமனே 9 மணி நேரத்தைக் கூடச் சேர்த்திருந்தால் அது ரிவிஷனிலிருந்துதான் போயிருக்கும்.

இந்த மடங்கை ஓரிரண்டு அலகுக்கு மேல் போடாதீர்கள். ஒன்றரைக்கு மேலும் போகாதீர்கள். எல்லாமே கடினம் என்று எல்லாவற்றையும் ஒன்றரை ஆக்கினால், வகுத்துப் பார்க்கும்போது பழைய விகிதமே திரும்பி வரும்.

இதிலேயே இன்னொன்று. நான் மடங்கைத் தமிழ்ப் பகுதியோடு கலக்காமல் பொது அறிவுப் பாதிக்குள்ளேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. குரூப் 4-இல் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நேரத்தை உருவி இங்கே போடுவது ஆபத்து. உங்கள் தேர்விலும் ஏதாவது பகுதிக்குத் தனித் தேர்ச்சி வரம்பு இருக்கிறதா என்று அறிவிக்கையில் பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதியின் நேரத்துக்கு வேலி போட்டுவிட்டு, மீதியை மட்டும் பிரியுங்கள். விகிதக் கணக்குக்கு இந்த வரம்பு தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேரத்தின் அளவு போலவே அதன் உருவமும் அலகுக்கு அலகு மாறும். வாசித்துப் புரிந்துகொள்ளும் அலகுக்கு 15 கேள்வி, 18 மணி வந்தது. அதை ஆறு நாள் மூன்று மணி நேரமாக உட்கார்ந்து படிக்க முடியாது, அதில் படிக்க எதுவும் இல்லை. தினம் 20 நிமிடம், ஒரு பத்தியும் ஐந்து கேள்வியும் என்று 54 நாளுக்கு நீட்டினேன். திறனறிவும் அப்படித்தான், தினம் கொஞ்சம். வரலாறும் ஆட்சியியலும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் கொடுத்தால்தான் தொடர்ச்சி பிடிபடும்.

அப்புறம், பாதி வழியில் மறுபடி கணக்குப் போட வேண்டும். 240-இல் 120 மணி முடிந்த ஏப்ரல் கடைசியில், ஒவ்வொரு அலகிலும் 20 கேள்வி வைத்து என்னையே சோதித்துக்கொண்டேன். பழைய தாளே இல்லாதபோது கேள்விக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள், பழைய சிலபஸ் தாள்களில் புதிய அலகுக்குள் வரக்கூடியவை, அப்புறம் நானும் என் தோழியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்தவை. இரண்டு பேர் மாற்றி எழுதுவது மிகவும் உதவியது, நாமே எழுதிய கேள்விக்கு நமக்குப் பதில் தெரியாமல் போகாது. ஐந்தே கேள்வி வரும் அலகாக இருந்தாலும் 20 கேள்வி வைத்துச் சோதித்து, அப்புறம் சுருக்குங்கள். வெறும் ஐந்து கேள்வியில் ஒன்று தற்செயலாகச் சரியானாலே கணக்கு ஆடிப்போகும். அறிவியலில் 20-க்கு 12 சரி என்றால் 5-க்கு 3. இன்னும் பிடிக்க வேண்டியது 2.

இப்படி எல்லா அலகிலும் பிடிக்க வேண்டியதைக் கூட்டினேன். 80 கேள்வி வந்தது. மிச்சம் 120 மணி. ஒரு விடுபட்ட கேள்விக்கு ஒன்றரை மணி. இரண்டாம் பாதியை மொத்த வெயிட்டேஜ் வைத்துப் பிரிக்காமல் இந்த இடைவெளியை வைத்துப் பிரித்தேன். இலக்கணத்தில் விடுபட்டது 6 கேள்விதான், பழைய திட்டப்படி 15 மணி மிச்சம் இருந்தது, இப்போது 9 போதும். பயந்த பொருளாதாரத்திலும் விடுபட்டது 8-தான், 12 மணி போதும் என்றானது. எளிது என்று நினைத்த திறனறிவில் 25-க்கு 13 தான் வந்தது, 18 மணி தேவைப்பட்டது. முதலில் போட்ட ஒன்றரை மடங்கு என் பயத்தின் அளவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. எவ்வளவு நேரம் போட்டாலும் ஏறாத அலகு ஒன்று சிலருக்கு இருக்கும். இடைவெளி அங்கேதான் பெரிதாகத் தெரியும், கணக்கும் அங்கேயே நேரத்தைக் கொட்டச் சொல்லும். கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த அலகுக்கு ஐந்தாறு மணி கொடுத்தபின் புதிய 20 கேள்வியை மறுபடி போடுங்கள். முன்பு வந்த எண்ணிலிருந்து இரண்டு மூன்றுகூட ஏறவில்லை என்றால், அந்த அலகை அங்கேயே நிறுத்திவிட்டு மீதி நேரத்தை அடுத்த பெரிய இடைவெளிக்குக் கொடுங்கள்.

உங்கள் சிலபஸில் அலகுக்கு மதிப்பெண் போட்டு, உள்ளே உள்ள தலைப்புகளுக்குப் போடாமல் விட்டிருப்பார்கள். அதற்குள்ளும் விகிதம் பார்க்க முயலாதீர்கள், அதற்கு ஆதாரமே இல்லை. அலகுக்கு வந்த மணி நேரத்தைத் தலைப்புகளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டு ஒரு சுற்று முடியுங்கள், 20 கேள்விச் சோதனையில் எந்தத் தலைப்பு இழுக்கிறது என்று தெரிந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.