எஸ்ஏஆர் ஏடிசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எஸ்ஏஆர் உள்ளே நிஜமாகவே டிஏசி என்று தனியாக ஒன்று இருக்கிறதா? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

இன்றைய சிப்களில் பெரும்பாலும் தனியாக இல்லை. கெப்பாசிட்டர் வரிசையே டிஏசி, அதுவே சாம்பிள் பிடிக்கும் இடமும். 1975-ல் மெக்ரேரியும் கிரேயும் வெளியிட்ட முறை இது.

4 பிட் என்று வைத்துக்கொள்வோம். 8, 4, 2, 1 என்ற அளவில் நான்கு கெப்பாசிட்டர்கள், துணைக்கு இன்னொரு 1, மொத்தம் 16. எல்லாவற்றின் ஒரு முனையும் ஒன்றாகக் கம்பேரேட்டருக்குப் போகிறது. மறுமுனைக்குத் தனித்தனி ஸ்விட்ச். ரெஃபரன்ஸ் 1.6 வோல்ட், இன்புட் 1.13 வோல்ட். பொது முனையை கிரவுண்டில் வைத்து சாம்பிள் எடுத்துவிட்டு, அதை விடுவித்து ஸ்விட்ச் முனைகளை கிரவுண்டுக்கு மாற்றினால், பொது முனை −1.13-க்கு இறங்கும். இனி 8-ஐ ரெஃபரன்ஸில் போட்டால் 0.8 ஏறி −0.33 ஆகிறது. இன்னும் நெகட்டிவ்தான், அதனால் பிட் 1. அடுத்து 4-ஐப் போட்டால் +0.07. தாண்டிவிட்டது, திருப்பி எடு, பிட் 0. 2-க்கு −0.13, பிட் 1. கடைசி 1-க்கு −0.03, அதுவும் 1. கோடு 1011, அதாவது 11. கம்பேரேட்டர் நான்கு முறையும் பார்த்தது ஒன்றைத்தான்: பூஜ்யத்துக்கு மேலா, கீழா?

கே: கம்பேரேட்டரின் ஆஃப்செட் லீனியாரிட்டியைக் கெடுக்குமா?

கெடுக்காது. எல்லாக் கோடுகளையும் ஒரே அளவு நகர்த்தும், கழித்துவிடலாம்.

கே: எஸ்டிஎம்32எஃப்103-ல் லித்தியம் பேட்டரி வோல்டேஜ் தவறாக வருகிறது. சிப் டூப்ளிகேட்டா?

டிவைடர் மதிப்பு எழுதவில்லை, சாம்பிள் நேரம் எழுதவில்லை. எழுதியது சிப் மேல் சந்தேகம் மட்டும்! இப்படி வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. பத்தில் எட்டில் சிப் நன்றாகவே இருக்கும்.

வழக்கம்போல 100 கே, 100 கே என்றே எடுத்துக்கொள்கிறேன். பின்னுக்குத் தெரியும் ரெசிஸ்டன்ஸ் 50 கே, உள்ளே ஸ்விட்சின் 1 கே. சாம்பிள் கெப்பாசிட்டர் 8 பிகோஃபாரட். பெருக்கினால் நேர மாறிலி சுமார் 0.4 மைக்ரோ நொடி. 12 பிட்டில் கால் எல்எஸ்பிக்குள் அடங்க அதுபோல் பத்து மடங்கு, அதாவது 4 மைக்ரோ நொடி வேண்டும். நீங்கள் தொடாமல் விட்ட சாம்பிள் நேரம் 1.5 கிளாக். 14 மெகாஹெர்ட்ஸில் அது 0.1 மைக்ரோ நொடிதான். முந்தைய சேனல் விட்டுப்போன வோல்டேஜிலிருந்து போக வேண்டிய தூரத்தில் கால் பங்குகூடப் போகாமல் மாற்றம் தொடங்கிவிடும்.

சோதித்துப் பாருங்கள். ஸ்கேனில் பேட்டரிக்கு முந்தைய சேனலை ஒருமுறை கிரவுண்டிலும் ஒருமுறை 3.3 வோல்ட்டிலும் கட்டுங்கள். பேட்டரி அளவும் சேர்ந்து ஆடினால் குற்றவாளி செட்டிலிங்.

தீர்வு இரண்டு. சாம்பிள் நேரத்தை 71.5 கிளாக் ஆக்குங்கள், 5 மைக்ரோ நொடி கிடைக்கும். அல்லது பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் வையுங்கள். 8 பிகோஃபாரட் அதிலிருந்து எடுக்கும் சார்ஜ் அரை எல்எஸ்பிக்கும் குறைவு. ஆனால் அதை 50 கே தான் திரும்ப நிரப்ப வேண்டும். நொடிக்கு நூறு முறை படித்தால் கவலையில்லை, பல்லாயிரம் முறை படித்தால் எடுத்த சார்ஜ் திரும்பி வருவதற்குள் அடுத்தது போய்விடும், அளவு மெல்ல நகரும். பாதி இடத்தில் 1 நானோஃபாரட்டைப் போட்டுவிட்டு "கெப்பாசிட்டர் வைத்தும் சரியாகவில்லை" என்கிறார்கள். அது பாதிக் கிணறு. ஒன்று பெரிதாக வையுங்கள், இல்லை வைக்காமல் நேரம் கொடுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: முதலில் சாம்பிள் நேரம், பிறகு சிப் மேல் சந்தேகம்.

கே: ஏடிசி கிளாக்கை ரொம்பக் குறைத்தால் துல்லியம் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. பிடித்துவைத்த சார்ஜ் கசியும். இதே சிப்புக்குக் கீழ் வரம்பு 0.6 மெகாஹெர்ட்ஸ்.

கே: மெதுவாக ஏறும் ராம்ப் கொடுத்தால் 2047-லேயே எண்ணிக்கை குவிகிறது. சாம்பிள் நேரத்தைக் கூட்டியும் மாறவில்லை.

நல்ல கேள்வி, சோதித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். செட்டிலிங் இன்புட்டில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பிட்டுக்கும் கெப்பாசிட்டர் ரெஃபரன்ஸில் மாறும்போது அங்கிருந்து ஒரு கடி சார்ஜ் போகிறது. பெரிய பிட்டுக்குப் பெரிய கடி. 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 70 நானோ நொடி. அதற்குள் ரெஃபரன்ஸ் நிலைக்காவிட்டால் முதல் பிட் தவறுதலாக 0 ஆகிவிடும். மீதிப் பிட்கள் எல்லாம் 1 ஆனாலும் கூட்டுத்தொகை 2047-ஐத் தாண்டாது. சாதாரண இருமடி வரிசையில் பின்னால் வரும் பிட்களால் அதைத் திருத்த முடியாது. தவறுதலாக 1 ஆனால் 2048-ல் குவியும்.

64 பின்னும் அதற்குக் குறைவும் உள்ள எஃப்103-ல் ரெஃபரன்ஸ் உள்ளேயே VDDA-வோடு இணைந்திருக்கிறது. அந்தப் பின்னுக்கு ஒட்டினாற்போல் 1 மைக்ரோஃபாரட்டும் 10 நானோஃபாரட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போர்டின் மறுமூலையில் இருந்தால் இல்லாத மாதிரிதான். ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கிறது என்றால் ஏடிசி கிளாக்கை 7 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி அதே ராம்ப்பை ஓட்டுங்கள். குவியல் கரைந்தால் ரெஃபரன்ஸ் பக்கம்தான் கோளாறு. கரையாவிட்டால் போர்டின் படத்தோடு எழுதுங்கள்.