சுனாமிப் பலகையும் மான் பலகையும்: அப்பா நின்ற இடம் எது?

கேள்வி: என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அவருடைய ஆல்பத்தில் தேதியில்லாத இரண்டு படங்கள் இருக்கின்றன, அவற்றின் நகலை அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் அலையும் மேட்டில் ஏறும் ஆளும் வரைந்த நீலப் பலகையின் அருகில் நிற்கிறார். இன்னொன்றில் பெரிய கொம்புள்ள மான் வரைந்த மஞ்சள் பலகை. இணையத்தில் ஒருவர் இது ஹவாய் என்கிறார், சரியான இடத்தைக் காட்ட முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது ஹவாயும் இல்லை.

அந்த ஆள் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. படத்தைத் தேடுபொறியில் போட்டிருப்பார். அந்த நீலப் பலகையைச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுத்துப் பகிர்வது ஹவாயில் என்பதால் முதலில் அதுதான் வந்திருக்கும். இப்படிப் பணம் கேட்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படத்தில் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?" உண்மையில் தெரிந்தவர் பலகையின் ஒரு மூலையையோ கம்பத்தையோ சாலைக்கோட்டையோ காட்டுவார். மற்றவர் "மென்பொருள் சொல்கிறது" என்பார். படத்துக்குள் இருக்கும் இடத்தகவலை எடுத்துத் தருவதாகக்கூடச் சிலர் சொல்வதுண்டு. ஃபிலிமில் எடுத்துக் காகிதத்தில் அச்சிட்ட படத்துக்குள் அப்படி ஒன்றும் இருக்காது.

இனி படத்துக்கு வருவோம். சுனாமிப் பலகை என்றதும் எல்லோரும் ஜப்பான் என்பார்கள். ஜப்பானில் தப்பிச் செல்லும் இடத்தைக் காட்டும் பலகைகள் பெரும்பாலும் பச்சை, ஜப்பானிய எழுத்தும் கூடவே இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது நீல வட்டம், வெள்ளை அலை, ஆங்கிலம் மட்டும். இந்த வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1990களில் உருவாகி, வாஷிங்டன், கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் என மற்ற பசிபிக் மாநிலங்களுக்கும் போனது. தாய்லாந்திலும் நீலப் பலகைகள் உண்டு. ஆனால் அவை 2004 சுனாமிக்குப் பின் வந்தவை, தாய் எழுத்தும் இருக்கும். நியூசிலாந்திலும் நீலம்தான், அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடும். உங்கள் படத்தில் கார்கள் வலப்பக்கம் போகின்றன.

வலமா இடமா என்று பார்க்கும்முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டால் உலகமே இடம் மாறிவிடும். படத்தில் ஏதாவது எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். உங்கள் படத்தில் வருகிறது, எனவே கவலையில்லை.

இப்படி ஒவ்வொரு நாடும் தனித்தனி நிறத்தில் வைத்திருப்பதுதான் எனக்கு எரிச்சல். சுனாமிக்கான பொதுக் குறியீட்டைச் சர்வதேசத் தர அமைப்பு 2008-லேயே வெளியிட்டுவிட்டது. மொழி தெரியாத ஊரில் உயிருக்கு ஓடுகிறவன் முதலில் பலகையின் நிறத்தைப் படித்துக்கொண்டா ஓடுவான்? சாலை எச்சரிக்கைப் பலகைகளிலும் இதே கதைதான். 1968-ல் வியன்னாவில் கூடி ஒப்பந்தம் போட்டவர்கள், சிவப்பு விளிம்பு முக்கோணமா மஞ்சள் சாய்சதுரமா என்பதில் முடிவுக்கு வராமல் இரண்டும் செல்லும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அமெரிக்கா அதிலும் சேரவில்லை.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. மானை முக்கோணத்துக்குள் வரைந்தால் பெரும்பாலும் ஐரோப்பா, மஞ்சள் சாய்சதுரத்துக்குள் வரைந்தால் அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியா போன்ற இடங்கள் என்று பிரித்துவிடலாம். ஒரே ஒரு விலக்கை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்களை நான் பார்த்ததே இல்லை. அயர்லாந்து ஐரோப்பாவில் இருந்தாலும் அங்கே மஞ்சள் சாய்சதுரம்தான். துள்ளும் மானைப் பார்த்து அமெரிக்கா என்று எழுதிவிடுவார்கள். அதே தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையைத் தாண்டியதும் அதே மான் வெள்ளை முக்கோணத்துக்குள் போய்விடும், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அயர்லாந்தின் ஊர்ப் பலகைகளில் மேலே ஐரிஷ் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும், கீழே ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், வண்டிகளும் இடப்பக்கம் போகும். உங்கள் படத்துக்கு இது தேவையில்லைதான். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இப்போது அந்த மஞ்சள் பலகை. கொம்பு கிளைகிளையாகப் பின்னோக்கி வளைந்திருக்கிறது, கழுத்து தடித்திருக்கிறது. அது எல்க் என்ற பெரிய மான். மூஸ் என்ற இன்னொரு வகை மானாக இருந்தால் கொம்பு அகன்ற தட்டையாக விரியும், தோளில் திமில் போல மேடு இருக்கும், தாடையின் கீழே சதை தொங்கும். அலாஸ்கா சாலைகளில் வழக்கமாக வரைவது மூஸ். ஹவாயில் காட்டு எல்க்கே கிடையாது. அங்கே மஞ்சள் பலகையில் வருவது நேநே என்ற வாத்து. ஆக மிச்சம் மூன்று மாநிலங்கள்: வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியாவின் வடபகுதி.

நீலப் பலகைக்குப் பின்னால் மரக்கிளை பாதி மறைத்த 101 என்ற எண் தெரிகிறதா? அது கேடய வடிவச் சாலை எண். 101 நெடுஞ்சாலை மூன்று மாநிலக் கடற்கரை வழியாகவும் போகிறது, அதனால் எண்ணை மட்டும் வைத்துப் பயனில்லை. கேடயத்தைச் சுற்றியுள்ள கறுப்புச் சதுரத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் பலகையையே கேடய வடிவில் வெட்டி, மேலே "யு.எஸ்." என்று எழுதுவார்கள். சதுரம் இருக்காது. எனவே கலிபோர்னியாவும் போயிற்று.

வாஷிங்டனா ஆரிகனா என்பதை எல்க்கும் சுனாமிப் பலகையும் சொல்லாது. எச்சரிக்கைப் பலகைகளின் எல்லை அவ்வளவுதான். ஆனால் மான் படத்தின் வலது ஓரத்தில் சிறியதாக ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: "ஸ்பீட்" என்ற ஒரே சொல், கீழே எண். வாஷிங்டன் உட்பட மற்ற மாநிலங்கள் "ஸ்பீட் லிமிட்" என்று இரண்டு சொல்லாக எழுதும். ஆரிகன் நெடுங்காலம் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அப்பா நின்றது ஆரிகன் கடற்கரையில்.

கொல்லைப்புறத்தில் மாட்டி வைக்க விற்கும் நினைவுப் பொருள் பலகைகள் பற்றியும் ஒரு வார்த்தை. கங்காரு வரைந்த மஞ்சள் பலகையை எந்த நாட்டிலும் வாங்கலாம், அதை வைத்து ஆஸ்திரேலியா என்று சாதிக்க முடியாது. உங்கள் படத்தில் இரண்டுமே சாலையோரக் கம்பத்தில், போல்ட் போட்டு, சாலையைப் பார்த்து நிற்கின்றன. அது போதும்.

துல்லியமான இடத்துக்கு அப்பாவின் கப்பல் பணிப் பதிவேடான சி.டி.சி. புத்தகத்தை எடுங்கள். கப்பல் பெயரும், ஏறி இறங்கிய தேதியும் துறைமுகமும் அதில் இருக்கும். நடுவில் நின்ற துறைமுகங்கள் இருக்காது. நீலப் பலகை காரணமாக, 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய பயணங்களை ஒதுக்கிவிடலாம். மிச்சமுள்ள பயணங்களில் உடன் வேலை பார்த்தவர்களிடம் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று அஸ்டோரியா. கொலம்பியா ஆற்றில் மேலே போகக் காத்திருக்கும் கப்பல்கள் அங்கே நங்கூரமிடும், பக்கத்துக் கடலோரத்தில் எல்க் கூட்டங்களும் உண்டு. மற்றொன்று மரச் சரக்கு ஏற்றும் கூஸ் பே. படங்களை ஆல்பத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள். அச்சிட்ட கடையின் முத்திரை இருந்தால் அது எந்த ஊர் என்று எழுதி அனுப்புங்கள்.