விரலில் தட்டி ஒரு பேச்சையே சொல்வது எப்படி?

"கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்றால் அவரிடம் எப்படிப் பேசுவது? கூட வரும் உதவியாளர் என்ன செய்கிறார்?"

தொடுமொழிகள் பல உண்டு. ஜப்பானில் புழங்கும் விரல் பிரெயிலை மட்டும் சொல்கிறேன். சிறு வயதில் பார்வையையும் 18 வயதில் கேட்கும் திறனையும் இழந்த சடோஷி ஃபுகுஷிமாவுக்காக அவருடைய அம்மா 1981-இல் கண்டுபிடித்தது இது. மகன் பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு, கேட்க வேண்டியவரின் ஆறு விரல்கள்; அவற்றின் மேல்தான் உதவியாளர் தட்டுவார். இடக்கை ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1, 2, 3. வலக்கையில் அதே வரிசையில் 4, 5, 6. தமிழ் பிரெயிலில் 'ம' என்பது 1, 3, 4. அந்த மூன்று விரல்களையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். அடுத்து 3, 4, 5 தட்டினால் கால் சேர்ந்து 'மா' ஆகிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிடுவார்கள். அப்போது ஒரு எழுத்து மூன்று எழுத்தாகச் சிதறும். எதிரே உட்கார்ந்தால் இடம் வலம் குழம்பும் என்பதால் பக்கத்தில் உட்காருவதே வசதி.

பேச்சை மட்டும் தட்டினால் போதாது. யார் பேசுகிறார் என்பதை முதலில் சொல்லணும். எல்லோரும் சிரித்தால் சிரிப்பையும், யாராவது எழுந்து போனால் அதையும் சொல்லணும். இல்லாவிட்டால் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பார் (இது நிஜமாகவே நடக்கும்). நடக்கும்போது அவர் உதவியாளரின் முழங்கையைப் பிடித்துச் சற்றுப் பின்னால் வருவார். படி வந்தால் பேச்சை விட்டுவிட்டு, நின்று, ஏறுவதா இறங்குவதா என்று முதலில் தெரிவிக்கணும்.

பிரெயில் தெரியாதவருக்கு இது உதவாது. பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியில் வளர்ந்து பிறகு பார்வை போனவர்கள், பேசுபவரின் கைமேல் கை வைத்துச் சைகையைத் தொட்டுப் படிப்பதையே பெரும்பாலும் விரும்புவார்கள்.