உறைந்தால் கெடுவது எது, வெப்பத்தில் கெடுவது எது?

"உயிருள்ளது, கொல்லப்பட்டது, துணையலகு என மூன்று வகைத் தடுப்பு மருந்துக்கும் 2–8 டிகிரிதானே? பிறகு ஏன் குளிர்ச்சங்கிலியைத் தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள்?"

கெடும் விதம் வேறு. போலியோ சொட்டு மருந்தில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. குடலில் பெருகினால்தான் பலன். அதற்கு எதிரி வெப்பம், உறைந்தால் ஒன்றும் ஆகாது.

ஹெபடைடிஸ் பி துணையலகு ஊசியில் வெறும் மேற்பரப்புப் புரதம், அலுமினிய உப்பில் ஒட்டியபடி. உறைந்தால் கட்டிதட்டி வீரியம் போய்விடும். குப்பியில் சூடுபட்டால் நிறம் மாறும் வி.வி.எம். கட்டமோ வெப்பத்தை மட்டுமே காட்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சந்தேகம் வந்தால், அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி அருகருகே வையுங்கள். சந்தேகக் குப்பியிலும் மருந்து அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ அடியில் படிந்தால், தூக்கிப்போட வேண்டியதுதான்.

கொல்லப்பட்ட போலியோ ஊசியும் உறைந்தால் கெடும். ஆனால் வழக்கமாக அதில் அலுமினியம் இல்லாததால் குலுக்கல் சோதனை உதவாது.