பாட்டியின் பழைய படத்தில் வேறு முகத்தை ஒட்டலாமா?

கேள்வி: என் பாட்டியின் பழைய ஸ்டூடியோ படத்தில் ஈரம் பட்டு ஒரு கண்ணும் கன்னமும் உரிந்துவிட்டன. ஒரு குரூப் போட்டோவில் அவர் முகம் தெளிவாக இருக்கிறது. அந்த முகத்தை எடுத்து இதில் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் முழு முகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். உரிந்த கண்ணையும் கன்னத்தையும் மட்டும் குரூப் போட்டோவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நெற்றி, காது, தாடை, நல்ல கண் எல்லாம் பழைய படத்திலேயே இருக்கட்டும். முகம் முழுவதையும் மாற்றினால், அந்த ஸ்டூடியோவில் அன்று உட்கார்ந்திருந்த பாட்டி படத்திலிருந்து போய்விடுவார்.

முன்பணம் கொடுக்கும் முன் ஓர் அளவுகோலை எடுங்கள். ஸ்டூடியோ படத்தில் முகத்தின் உயரம் 40 மி.மீ., குரூப் போட்டோவில் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், ஸ்கேன் செய்தால் முதலாவதில் சுமார் 945 பிக்சல் கிடைக்கும், இரண்டாவதில் 189 தான். அதை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் கண்ணிமை மெழுகுபோல் குழைந்து நிற்கும். ஸ்கேன் அளவைக் கூட்டினாலும் பிரிண்டில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. நெகட்டிவ் இருந்தால் அதை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், நிலைமை வெகுவாக மாறும். இல்லையென்றால் முகம் பெரிதாக விழுந்த வேறு படத்தைத் தேடுங்கள். வயது அதிகம் தள்ளிப்போகாமல் இருப்பது முக்கியம்.

அடுத்தது மூக்கின் நிழல். ஸ்டூடியோவில் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கம் இருக்கும், நிழல் மறுபக்கம் சாயும். இரண்டு படங்களிலும் நிழல் ஒரே பக்கம் விழவேண்டும், தலையின் திருப்பமும் ஒத்துப்போகவேண்டும். பொருந்தாதபோது சிலர் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுவார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். எந்த முகத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புரட்டிய முகம் வீட்டாருக்கு உடனே அந்நியமாகத் தெரியும், காரணம்தான் சொல்லத் தெரியாது. மச்சமும் வகிடும் இடம் மாறியிருந்தால் புரட்டியிருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளலாம்.

வேலை முடிந்ததும் திரையில் 100 சதவீத அளவில் பாருங்கள். கழுத்தில் பழைய படத்தின் பொடிமணல் போன்ற துகள் தெரிய, புதிய கன்னம் மட்டும் வழவழவென்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அதே துகளைக் கன்னத்திலும் சேர்ப்பது செய்யக்கூடிய வேலைதான்.

அசல் படத்தின்மேல் யாரும் மை தீட்டக்கூடாது, ஸ்கேனில்தான் எல்லாம் நடக்கவேண்டும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யட்டும். பிரிண்டோடு, கை வைக்காத ஸ்கேனையும் ஒட்டிய பகுதிகள் தனித்தனி லேயர்களாகப் பிரிந்திருக்கும் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நாளை இதைவிட நல்ல படம் ஒன்று கிடைத்தால், அந்தக் கன்னத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.